படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்

தெருவில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஓவியம் வரைவது பழைய வழக்கம். பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைகிறவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு கட்டத்தில் அதைச் செய்கிறார்கள். படத்தை அப்படியே பெயர்த்து வரைவது ஒருவகை. படத்தின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் உள்ள ஆளையும் பொருளையும் விட்டுவிடுவது இன்னொரு வகை. ஓவியர்கள் இதைக் கம்போசிஷன் என்பார்கள். நான் காட்சியமைப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த இரண்டாவது வகை கேட்பதற்கு எளிதாகத் தெரிகிறது. என்னுடைய கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு அட்டை தயாரானபோதுதான், அது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தொகுப்பின் தலைப்புக் கவிதையில் ஒரு பெண் தை மாத அந்திப்பொழுதில் தெருவோரம் உட்கார்ந்து பனங்கிழங்கு விற்கிறாள். ஊர் முழுக்க அவள்மேல் சாய்ந்து நிற்பதுபோல ஒரு கனம் இருக்க வேண்டும். ஆனால் அவள் நசுங்கிவிடக் கூடாது. இதைச் சொன்னபோது ஓவியத் தோழி கேட்டாள்: "சரி, அந்தக் கனத்த எங்க பாத்திருக்க? ஒரு படம் காட்டு." மதுரையில் தெருக்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர் ஒருவரின் புகைப்படத்தைக் காட்டினேன். மாசி வீதியொன்றில் பூ விற்கும் ஒரு பெண். பார்த்ததும் தோழி, "அமைப்பு இதுதான். ஆனா இந்த அம்மாவ நாம தொடக் கூடாது" என்றாள்.

அந்தப் புகைப்படத்தைச் சொல்கிறேன். அகலவாக்கில் எடுத்தது. இடப்பக்கம் ஒரு பழைய வீட்டின் சுவர், நிழலில் கறுத்துக் கிடக்கிறது. அதன் கூரை விளிம்பு மேலிருந்து வலப்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. சுவரின் அடிவிளிம்பு கீழிருந்து அதே திசையில் ஏறுகிறது. இரண்டும் தெருவின் கோடியில் ஒரு புள்ளியை நோக்கி ஓடுகின்றன. கோடியில் சாயங்கால வெயில் வெளுத்துக் கிடக்கிறது. வலப்பக்கம், கீழ்ப்பகுதியில், அந்தப் பெண். அவளுக்குப் பக்கத்தில் பூ வாங்க நிற்கும் ஒருத்தி. சுவரின் கோடுகள் சேரும் புள்ளி, உட்கார்ந்திருப்பவளின் தலைக்கு நேர்மேலே, கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. ஒரு பெரிய இருட்டு, அது தள்ளிக்கொண்டு போய் நிறுத்தும் இடத்தில் ஒரு சிறிய உருவம். எனக்கு வேண்டியிருந்த கனம் இதுதான்.

இதில் காட்சியமைப்பு எது, விவரம் எது என்பதைப் பிரிக்கத் தோழி செய்த முதல் வேலை, படத்தைக் கெடுப்பது. கண்ணைச் சுருக்கி, இமைகளுக்கு நடுவே பார்த்தாள். பிறகு படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக அச்செடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த அளவில் முகம் இல்லை, பூ இல்லை, கடைப்பலகை இல்லை. இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று அழுத்தங்கள் மட்டும் மிஞ்சின. அப்படி மிஞ்சியதை, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கட்டத்துக்குள் மழுங்கிய பென்சிலால் வரைந்தாள். பென்சில் மழுங்கியிருப்பது முக்கியம். கூர்மையாக இருந்தால் கை விவரத்தைத் தேடிப் போய்விடும். அவள் வரைந்ததில் இருந்தவை: கட்டத்தின் இடப்பக்கத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு கறுப்பு ஆப்பு, அது சுட்டும் புள்ளி, அந்தப் புள்ளியில் வெளிச்சம், கீழே வலப்பக்கம் ஒரு சிறிய கறுப்புத் திட்டு, அதையொட்டி நிற்கும் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. அவ்வளவுதான்.

இதைச் செய்து முடித்ததும் புகைப்படத்தை ஓர் உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்துவிட்டாள். வேலை முடியும்வரை தரக் கூடாது என்று கட்டளை. கண் முன்னால் படம் இருந்தால், எவ்வளவு உறுதியான ஓவியருக்கும், சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் பார்வை அங்கே போகும். கை எங்கே மடங்குகிறது, கொசுவம் எப்படி விழுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்தால், முடிவில் எல்லாமே அங்கிருந்து வந்திருக்கும். ஒளிப்பெட்டிமேல் வைத்து நகலெடுப்பது மட்டுமே நகல் அல்ல. எட்டிப் பார்த்தல்களின் கூட்டுத்தொகையும் நகல்தான்.

அந்தப் பெண்ணை ஏன் தொடக் கூடாது? முகத்தை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

என் சித்தி நடவுக்குப் போகிறவள். ஒருமுறை வயல்பக்கம் வந்த யாரோ நடவுப் பெண்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகள் கழித்து, அது ஒரு புத்தகத்தின் அட்டையில் ஓவியமாக வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் அந்தப் புத்தகத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். ஓவியத்தில் முகமே இல்லை. குனிந்த முதுகும் முக்காடும்தான். ஆனால் ஊரில் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்கள், இது இன்னார் என்று. சித்தப்பா இறந்தபிறகு அவருடைய சட்டையைத்தான் சேலைக்குமேல் போட்டுக்கொண்டு சித்தி வேலைக்குப் போவாள். அந்தச் சட்டையின் பையில் வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டிருக்கும். தலைத்துணியை இடப்பக்கம் முடிச்சிடுவாள். இரண்டும் ஓவியத்தில் அப்படியே இருந்தன. வரைந்தவருக்கு அந்த ஒட்டு அழகான ஒரு நிறத்துளி. எங்கள் வீட்டுக்கு அது செத்துப்போனவரின் சட்டை. "எம் புருசன் சட்டைய எதுக்குய்யா படம் போட்டிருக்கான்?" என்று சித்தி கேட்டாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பல நாள், குனிந்து நிற்கும் அந்தப் படத்தை வைத்து ஆண்கள் கேலி பேசினார்கள். சித்தி அந்த வயலுக்குப் போவதை நிறுத்தினாள்.

ஆளை அடையாளம் காட்டுவது முகம் மட்டும் அல்ல. உடுத்தும் விதம், முடிச்சுப் போடும் பக்கம், உட்காரும்போது எந்தக் கால் மடங்குகிறது, எந்தக் கை வேலை செய்கிறது, பக்கத்தில் என்ன பாத்திரம் இருக்கிறது: இவற்றால்தான் தெருவில் தூரத்திலிருந்து நாம் நம் மனிதர்களை அறிகிறோம். முகத்தை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது, வெளியூர்க்காரர்களிடமிருந்து மட்டும்தான் அவளை மறைக்கும். அவள் யாரோடு வாழ வேண்டுமோ அவர்களுக்கு அவள் தெரிவாள்.

சட்டம் இந்த இடத்தில் அவளுக்கு அதிகம் உதவாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர், அதை எடுத்தவர். படத்தில் இருப்பவருக்குப் பதிப்புரிமையில் பங்கு கிடையாது. 1936இல் கலிபோர்னியாவில் டொரோத்தியா லாங்கே எடுத்த, 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அறிந்த படத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். அவருடைய பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது 1978இல். நாற்பது ஆண்டுகளுக்குமேல் அவர் முகம் எங்கும் இருந்தது, அவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் காட்சியமைப்பைப் பாருங்கள்: நடுவில் தாய், இருபுறமும் அவள்மேல் சாய்ந்து முகம் திருப்பிக்கொண்ட பிள்ளைகள், மடியில் ஒரு குழந்தை, எல்லாம் சேர்ந்து ஒரு முக்கோணம். தாயும் சேயுமாக வரைந்த ஐரோப்பியத் தேவாலய ஓவியங்களில் அந்த முக்கோணம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நெற்றிச் சுருக்கமும் கன்னத்தைத் தொடும் விரல்களும் தாம்ப்சனுடையவை.

அப்படியானால் காட்சியமைப்பு எப்போதும் பொதுச்சொத்தா என்றால், அதுவும் இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்பது 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கருத்து எங்கே முடிகிறது, வடிவம் எங்கே தொடங்குகிறது என்பது படங்களில் மங்கலான எல்லை. 2012இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஒரு சிவப்புப் பேருந்து; பின்னால் நாடாளுமன்றக் கட்டடம் முழுக்கச் சாம்பல் நிறம்; வானம் வெள்ளை. இந்தப் படத்தின் உரிமையாளர், இதே சேர்க்கையை வேறு புகைப்படங்களைக் கொண்டு உருவாக்கிய ஒரு தேயிலை நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். கோணம் வேறு, பேருந்து நின்ற இடம் வேறு. ஆனாலும் முதல் படத்தின் அமைப்பும் அந்தச் சிவப்பு-சாம்பல் எதிர்நிலையும் சேர்ந்து எடுக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிபதி உரிமைமீறலாகவே தீர்த்தார். பொருளும் இடமும் நிறமும் அமைப்பும் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டால், அமைப்பை மட்டும் எடுத்தேன் என்று சொல்ல முடியாது.

ஆகவே எங்களுக்கு முன்னால் இரண்டு கடன்கள் இருந்தன. அமைப்பு அந்த மாணவரின் கண்ணும் காத்திருப்பும். அவரிடம் அனுமதி கேட்டோம், தந்தார். விவரங்கள் அந்தப் பெண்ணுடையவை. அவற்றுக்கு அனுமதி தர அவரால் முடியாது. அதனால் அவற்றை எடுக்கவில்லை.

அளவில் ஒரு சிக்கல் வந்தது. தோழி முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றிலும் ஒரே ஓவியம் ஓட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தாள். டெமி அளவுப் புத்தகத்துக்கு விரித்த அட்டை ஏறக்குறைய 29 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். கேமராவிலிருந்து வந்த படம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். அகலத்தை 29 என்று வைத்தால் உயரம் 19 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், இரண்டு செ.மீ.க்குமேல் குறைகிறது. பக்கவாட்டில் வெட்டினால் கறுப்பு ஆப்பின் நீளம் குறைந்து அதன் தள்ளும் வேகம் போய்விடும். அதனால் வெட்டாமல் மேலே வானத்தைக் கூட்டினாள். இடப்பக்கத்துச் சுவர் பின்னட்டையிலும், அந்தப் பெண் முன்னட்டையிலும் வந்தார்கள். சட்டகத்தின் விகிதம் மாறினால் அமைப்பே மாறும் என்பதால், சிறுவரைவைத் தொடக்கத்திலேயே இறுதி அளவின் விகிதத்தில் போட வேண்டும். பெரிதாக வரைந்த பிறகு ஒட்டுவதும் வெட்டுவதும் அமைப்பைக் காப்பாற்றாது.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட கேள்வி. சிறுவரைவைப் பார்த்துக்கொண்டிருந்த நான், "இவ ஏன் இவ்வளவு கீழ இருக்கா?" என்று கேட்டேன். தோழி பென்சிலால் ஒரு கிடைக்கோடு இழுத்தாள். அதுதான் கண்மட்டம், தொடுவானக் கோடு. படமெடுத்தவர் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார். கேமரா தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். சமதளத் தெருவில், அதே உயரமுள்ள எல்லாருடைய தலையும், கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டைத்தான் தொடும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலை உயரம் சுமார் இரண்டரை அடி. அதனால் அவள் தலை, அவள் உட்கார்ந்த இடத்துக்கும் கண்மட்டக் கோட்டுக்கும் சரிபாதியில் நின்றுவிடும். தலைக்குப் பின்னால் வருவது தெருக்கோடி வெளிச்சம் அல்ல, தார்ச்சாலை. நாம் அவளைக் குனிந்து பார்க்கிறோம்.

இலக்கியம் படித்தவளுக்கு இது உடனே புரியும். அகப்பாடலில் கூற்று என்று ஒன்று இருக்கிறது: யார் சொல்கிறார்கள், தலைவியா, தோழியா, செவிலியா, கண்டோரா. சொல்லப்படுவது ஒன்றே ஆனாலும் கூற்று மாறினால் பாட்டு மாறும். புகைப்படத்தில் கண்மட்டம்தான் கூற்று. நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் கூற்று அந்தப் படம். என் கவிதையோ, அவள் அருகே உட்கார்ந்து கிழங்கு உரிக்கும் ஒருத்தியின் கூற்று. காட்சியமைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அதோடு சேர்த்து நிற்பவரின் பார்வையையும் எடுத்துக்கொண்டிருந்தோம். யாருடைய விவரமும் அல்ல அது. ஆனால் வெறும் வடிவமும் அல்ல.

தோழி கண்மட்டத்தை இரண்டரை அடிக்கு இறக்கினாள். காகிதத்தில் கோடு இருந்த இடத்தை மாற்றவில்லை. அந்தக் கோடு குறிக்கும் உயரத்தை மாற்றினாள். முதலில், அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தை அப்படியே வைத்து வரைந்து பார்த்தாள். இப்போது அவள் தலை கோட்டைத் தொட வேண்டும். எனவே உருவம் இரண்டு மடங்கானது. பெரிய சுவர், சிறிய பெண் என்ற உறவே கெட்டுப்போனது. பிறகு, அவள் உட்கார்ந்த இடத்தைக் கோட்டை நோக்கிப் பாதித் தூரம் மேலே நகர்த்தினாள். உருவம் பழைய அளவுக்கே வந்தது, தலை மட்டும் சாலையிலிருந்து விடுபட்டுத் தெருக்கோடி வெளிச்சத்துக்குள் போனது. படமெடுத்தவர் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படி. பக்கத்தில் நிற்பவளின் பாதி உடம்பு கோட்டுக்கு மேலே போய்விட்டது. அவளுடைய தலை சுவரின் உச்சியை நோக்கி எழுந்தது. சுவர் முன்னைவிட ஓங்கியது. நாங்கள் தேடிய கனம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் அதன் நடுவே அவள் நம் கண்ணுக்கு நேராக இருந்தாள். முன்புறத்தில் வெறும் தரை அகலமாகக் கிடந்தது. அங்கே கிழங்குச் சாக்கு வந்தது.

இனி அந்தத் திட்டுகளுக்குள் ஆளையும் பொருளையும் நிரப்ப வேண்டும். விவரத்தை நீக்கிய படத்தில் ஒரு ஆபத்து உண்டு. காலியான இடத்தில், நம் தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் பொம்மை வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய வட்டப்பொட்டு, மூக்குத்தி, நெற்றியில் விழும் ஒற்றைச் சுருள்முடி, எங்கோ பார்க்கும் சோகக் கண்கள்: காலண்டரிலும் வார இதழ்த் தொடர்கதையிலும் பார்த்துப் பழகிய 'ஏழைப்பெண்'. தோழியின் முதல் வரைவிலும் அவள் வந்துவிட்டாள். ஒரு நிஜமான பெண்ணைக் காப்பாற்றப் போய், எந்தப் பெண்ணும் அல்லாத ஒருத்தியை வரைவதில் என்ன நியாயம்? விவரத்தை விடுவது என்றால் வேறிடத்தில் உழைத்து வேறு விவரம் சேர்ப்பது என்று பொருள்.

தோழி அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். தன் அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி, வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து உட்காரச் சொன்னாள். விளக்கை, சிறுவரைவில் வெளிச்சம் வந்த பக்கத்தில் வைத்தாள். அத்தை ஒரு காலை மடித்து மறுகாலை நீட்டித்தான் உட்கார முடியும், முழங்கால் வலி. ஓவியத்தில் இருக்கும் உட்காரும் விதம் அதுதான். சேலையை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்தாள். பனங்கிழங்கை வாங்கி வந்து, ஓலை நாரால் கட்டிய கட்டு எப்படி இருக்கிறது, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தபின் தோல் எப்படிச் சுருங்குகிறது, நடுவில் உள்ள நரம்பை உருவும்போது கிழங்கு எப்படிப் பிளக்கிறது என்று பார்த்து வரைந்தாள். சுவருக்கு எங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர் ஒன்றை நேரில் போய் வரைந்தாள். படத்திலிருந்த பூக்கூடையின் வட்ட விளிம்பு எங்கேயும் வரவில்லை. அங்கே சாக்கின் தளர்ந்த விளிம்பு. தொழிலே மாறியபோது பாதி விவரங்கள் தாமாகவே விலகிப்போயின.

அப்படியும் சில நுழையத்தான் செய்தன. கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று, நிழல். கேமரா வெளிச்சத்துக்கு ஏற்றபடி அமைத்து எடுத்தால் நிழலுக்குள் இருப்பது எல்லாம் அட்டைக்கறுப்பாகும். நேரில் நிற்கும் கண் நிழலுக்குள்ளும் சுவரின் பூச்சையும் கல்லையும் காணும். ஓவியத்தின் நிழல் செத்த கறுப்பாக இருந்தால் அது படத்திலிருந்து வந்தது. இரண்டு, உருவச் சிதைவு. அகன்ற கோண லென்ஸில் சட்டகத்தின் ஓரத்தில் இருப்பவை வெளிப்பக்கமாக இழுபடும். லென்ஸுக்குக் கிட்டே உள்ள கையோ காலோ அளவுக்கு மீறிப் பெருக்கும். உட்கார்ந்து பார்த்து வரைந்த கால் அப்படி இருக்காது. மூன்று, காரணம் சொல்ல முடியாத பொருள். தோழியின் வரைவில் சுவரோரம் ஒரு சிறிய சாய்ந்த செவ்வகம் இருந்தது. "இது என்ன?" என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. புகைப்படத்தில் அந்த இடத்தில் சுவரில் சாய்த்து வைத்த ஒரு கடைப்பலகை. நினைவிலிருந்து கை அதைக் கொண்டுவந்திருக்கிறது. அழித்துவிட்டாள்.

கடைசியில் உறையைப் பிரித்தோம். புகைப்படத்தை ஓவியத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, அதன்மேல் மெழுகுத்தாள் வைத்து விளிம்புகளைக் கோடிட்டு, அந்தத் தாளை ஓவியத்தின்மீது வைத்துப் பார்த்தோம். சுவரின் பெரிய சரிவு ஏறக்குறைய ஒத்துப்போனது. அதுதான் நாங்கள் கேட்டு வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவிலான எந்த விளிம்பும் ஒத்துப்போகக் கூடாது என்பது தோழியின் கணக்கு. தோள், முழங்கை, முந்தானை, பொருள்களின் விளிம்பு எதுவும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. நிற்கும் பெண்ணின் இடுப்பில் கைவைத்த வளைவு மட்டும் கிட்டத்தட்டப் பொருந்தியது. அந்தக் கையை இறக்கி ஒரு பையைப் பிடிக்கவைத்தாள். பிறகு அந்த மாசி வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம், ஒன்றும் சொல்லாமல், ஓவியத்தை மட்டும் காட்டினோம். "யாரு இது? நம்ம தெரு மாதிரியும் இல்லையே" என்றார். தாளில் செய்த சோதனையைவிட இதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

தொல்காப்பியம், ஒத்த அன்பின் அகப்பாடலில் எவருடைய இயற்பெயரும் வரக் கூடாது என்கிறது. நிலம் வரலாம், பொழுது வரலாம், பூவும் பறவையும் வரலாம். இன்னார் என்று சுட்டக் கூடாது. புறத்தில் பெயர் வரும், ஊர் வரும். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் எப்போதும் கேட்பார்கள், பெயரை எடுப்பது பெண்ணை இல்லாமலாக்குவது ஆகாதா என்று. ஆகும், அவளைப் பற்றிய பாட்டாக அது இருந்தால். அந்த வீதியில் பூ விற்கும் அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதியிருந்தால், அவளிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, அவள் சம்மதித்தால் அவள் பெயரோடும் முகத்தோடும் வரைந்திருக்க வேண்டும். அது புறம். என் கவிதை அவளைப் பற்றியது அல்ல. அவளுடைய உடம்பை என் கவிதைக்கு உடையாகப் போட எனக்கு உரிமை இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இந்த முறை செல்லாத இடமும் உண்டு. ஒரு போராட்டத்தின், ஒரு வன்முறையின், ஒரு வெள்ளத்தின் புகைப்படத்திலிருந்து அமைப்பை மட்டும் எடுத்து வேறு ஆட்களை நிரப்பினால், பார்ப்பவர்கள் அந்த நிகழ்வையே நினைப்பார்கள், அதன் சாட்சியமோ உள்ளே இருக்காது. அங்கே கொடியின் எழுத்தும் சட்டையின் எண்ணும் கீழே கிடக்கும் செருப்பும்தான் உண்மை. அவற்றை நீக்கிய படம் பொய் சொல்லும். அப்படிப்பட்ட படத்தை ஒன்று முழுதாக, எடுத்தவர் பெயரோடு வெளியிட வேண்டும். இல்லையென்றால் தொடக் கூடாது.

எங்கள் புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் ஓவியரின் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: காட்சியமைப்புக்கு உதவிய புகைப்படம் இன்னாருடையது என்று. அதற்குக் கீழே தோழி இன்னொரு வரி கேட்டு வாங்கினாள்: ஓவியத்துக்காக உட்கார்ந்தவர் என்று எழுதி, அத்தையின் பெயர். அத்தை அந்தப் பக்கத்தைத்தான் எல்லாருக்கும் விரித்துக் காட்டுகிறார். அட்டையை அவர் இன்னும் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.